கிரானா, மேக அட்டவணைச் சேவையா: ஒரு பால் கணக்கை இரு வழியிலும் ஓடவிட்டுப் பார்த்தபோது

கிளிநொச்சியில் உள்ள ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் இரவுக் கணக்கு ஒத்திசைவை, அலுவலகக் கணினியில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் கிரானிலிருந்து, அதையே மேகத்தில் செய்யும் அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெடியூலருக்கு மாற்றும் வேலை என் பொறுப்பில் இருந்தது. பரந்தன், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சேகரிப்பு நிலையங்களில் பால் ஊற்றப்படும்போது, பற்றுச்சீட்டு எண், பண்ணையாளர் எண், லீற்றர், கொழுப்பு வீதம் ஆகியவை டப்லெட்டில் பதியப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் மேகத்தில் உள்ள தரவுத்தளத்துக்குச் செல்லும். இரவு 9.30க்கு ஒரு பைத்தன் ஸ்கிரிப்ட் அன்றைய 24 மணி நேரப் பதிவுகளை எடுத்துக் கணக்கு அட்டவணையில் எழுதி, பண்ணையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். கொடுப்பனவு 15 நாட்களுக்கு ஒரு முறை நடைபெறும்.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கிரானா, மேகச் சேவையா என்பது ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படித் தாவுவது என்பது வேறொரு கேள்வி. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களுக்குப் பாடம் தந்தது இரண்டாவதே.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரானில் எங்களுக்கு இருந்த குறை ஒன்றுதான்: 9.30க்கு மின்சாரம் இல்லையென்றால் அன்றைய வேலை நடக்காது, நடக்கவில்லை என்று யாருக்கும் தெரியவும் வராது. மறுநாள் காலை எழுதுவினைஞர் பார்த்துக் கையால் ஓட்டினால்தான் உண்டு. இதற்கு மேகத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. லினக்ஸ் கணினியில் கிரானுக்குப் பதிலாக சிஸ்டம்டி டைமரை வைத்து, அதில் `Persistent=true` என்று குறித்தால், தவறிய வேலை கணினி மீண்டும் எழுந்ததும் ஓடும். ஆனால் எங்கள் கணினி மறுநாள் காலை எட்டரைக்குத்தான் எழும். செய்தியோ இரவே போக வேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் நான் டைமரோடு நின்றிருப்பேன். செலவும் இல்லை, புதிதாகப் படிக்கவும் வேண்டியதில்லை.

அட்டவணை வரியின் மொழியும் இரண்டிலும் ஒன்றல்ல.

```
30 21 * * *            # crontab
cron(30 21 * * ? *)    # Scheduler, Asia/Colombo
```

இரண்டாவதில் ஆண்டுக்கு ஆறாவது புலம் உண்டு. மாத நாள், வார நாள் இரண்டில் ஒன்று கேள்விக்குறியாக இருக்க வேண்டும். வார நாள் எண்தான் ஏமாற்றக்கூடியது. கிரானில் ஞாயிறு 0, ஆகவே 6 என்பது சனி. அங்கே ஞாயிறு 1, ஆகவே அதே 6 வெள்ளியாகிவிடும். தீவனக் கடன் கழிக்கும் சனிக்கிழமை வேலையை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால், பிழைச்செய்தி எதுவுமின்றி ஒரு நாள் முந்தி ஓடியிருக்கும். `SAT` என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. தாவுவதற்கு மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. ஒரே இரவில் கிரானை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது முதல் வழி. ஒரு நாள் பழையது, ஒரு நாள் புதியது என்று மாறிமாறி ஓட்டுவது இரண்டாவது. இரண்டையும் ஒவ்வோர் இரவும் ஓட்டி, புதியதன் விளைவை நிழல் அட்டவணை ஒன்றில் எழுதி, வரிக்கு வரி ஒப்பிடுவது மூன்றாவது. முதல் வழியில் பிழையைக் கண்டுபிடிப்பவர் பண்ணையாளராகவே இருப்பார். இரண்டாவது பார்வைக்கு நடுநிலையாகத் தோன்றினாலும், ஒரே நாளுக்கு இரண்டு விடைகள் ஒருபோதும் கிடைக்காததால் அதில் ஒப்பிட எதுவுமே இல்லை. மூன்றாவதைத் தேர்ந்தோம், அதற்குச் செய்ய வேண்டியிருந்த முன்வேலை நாங்கள் எண்ணியதைவிட அதிகம்.

முதல் சிக்கல், இரண்டு ஓட்டங்களும் ஒரே தரவைப் பார்க்கவில்லை என்பது. இரண்டும் 9.30க்குத் தொடங்கினாலும், ஒன்று வாசித்து முடித்த பிறகு ஒட்டுசுட்டானில் சிக்னல் திரும்பி ஒரு கட்டுப் பதிவுகள் வந்து சேர்ந்தால், மற்றது மட்டும் அவற்றைக் காணும். அப்படி வரும் வேறுபாடு பிழையன்று. ஆனால் அது தினமும் வந்தால், உண்மையான பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே "இப்போது வரை" என்று வாசிப்பதை விட்டு, இரவு 9.00க்கு முன் தரவுத்தளத்தை வந்தடைந்த பதிவுகள் என்று எல்லையை நிலையாக வைத்தோம். பால் ஊற்றிய நேரத்தையல்ல, பதிவு வந்து சேர்ந்த நேரத்தையே எல்லைக்கு எடுக்க வேண்டும். அப்போதுதான் பிந்தி வந்தது அடுத்த இரவில் சேரும். புதிய பக்கத்தில் இந்த எல்லையைக் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், ஷெடியூலர் தரும் `<aws.scheduler.scheduled-time>` மதிப்பிலிருந்து கணித்தோம். வேலை தாமதித்தோ மறுமுறையோ ஓடினாலும் எல்லை மாறாதிருக்க அதுவே வழி. பழைய ஸ்கிரிப்டிலும் இதே எல்லையை வைக்க வேண்டியிருந்ததால், அந்த மாற்றத்தை மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே செய்து, அது தனியே ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பின்னரே புதியதைச் சேர்த்தோம்.

நிழல் ஓட்டம் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பியிருக்கக்கூடிய வாசகத்தை ஒரு அட்டவணையில் எழுதவைத்து, அதையும் ஒப்பிட்டோம்.

அடுத்தது, எதை வைத்து ஒப்பிடுவது என்பது. முகாமையாளர் கேட்டது மொத்த லீற்றரும் பதிவு எண்ணிக்கையும் ஒத்திருப்பதை மட்டுமே. முதல் அட்டவணையில் இருந்து இரண்டாவதில் இல்லாத வரிகளைக் காட்டும் இந்த வினவலையும் நாங்கள் ஓட்டினோம்:

```
SELECT receipt_no, farmer_id, day, litres, fat
FROM milk_live   WHERE cutoff = :c
EXCEPT ALL
SELECT receipt_no, farmer_id, day, litres, fat
FROM milk_shadow WHERE cutoff = :c;
```

பிறகு அட்டவணைகளை இடம் மாற்றி மீண்டும் ஒரு முறை. ஒரு திசையில் மட்டும் கேட்டால், நிழலில் கூடுதலாக இருப்பவை தெரியாது. எழுதிய நேரம், தானாக வரும் வரிசை எண் போன்ற புலங்களை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவை எப்போதும் வேறுபடும். `ALL` என்ற சொல்லும் அலங்காரத்துக்கு இல்லை: அது இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு முறை எழுதப்பட்டிருப்பது கண்ணில் படாது.

முதல் இரவிலேயே மொத்த லீற்றர் ஒத்தது, எண்ணிக்கை ஒத்தது, ஆனால் வரி ஒப்பீட்டில் 14 பற்றுச்சீட்டுகள் இரு திசையிலும் வந்தன. லீற்றரும் கொழுப்பும் அதேதான். நாள் மட்டும் நிழலில் ஒன்று குறைவு. அந்தப் பதினான்கையும் ஊற்றிய நேரப்படி அடுக்கியதும் காரணம் வெளிப்பட்டது: எல்லாமே விடிகாலை 5.30க்கு முந்தியவை. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. பழைய ஸ்கிரிப்ட் அலுவலகக் கணினியின் நேர வலயத்தைச் சொல்லாமலே வாங்கிக்கொண்டது. புதியது ஓடிய, அமேசானின் நிரல் ஓட்டும் சேவையான லாம்டாவோ பொது நேரத்தில் இயங்குவது. ஆகவே 10ஆம் திகதி காலை 5.10க்கு ஊற்றிய பால் அங்கே 9ஆம் திகதி இரவு 11.40. அட்டவணையில் `Asia/Colombo` என்று குறித்தது வேலை தொடங்கும் நேரத்தை மட்டுமே ஆளும். உள்ளே ஓடும் நிரலின் கடிகாரத்தை அது தொடுவதில்லை. திருத்தம் ஒரு வரி:

```
day = datetime.fromtimestamp(ts, ZoneInfo("Asia/Colombo")).date()
```

மொத்தத்தை மட்டும் பார்த்துக் கைமாற்றியிருந்தால், 16ஆம் திகதி விடிகாலைப் பால் முந்திய அரைமாதக் கணக்கில் விழுந்து, தூரத்திலிருந்து இருட்டோடு பால் கொண்டுவருபவர்களின் கணக்கு மட்டும் பிசகியிருக்கும்.

இரண்டாவது வேறுபாடு ஆறாம் இரவில் வந்தது. நிழலில் 200 வரிகள் இரட்டித்திருந்தன. கிரான் ஒரு வேலை தோற்றால் தோற்றதுதான் என்று விட்டுவிடும், மேகத்தில் அப்படியல்ல. ஷெடியூலர் லாம்டாவை ஒத்திசைவற்ற முறையில், அதாவது முடிவுக்குக் காத்திராமல் அழைப்பதால், நிரல் பிழையோடு முடிந்தால் லாம்டா இயல்பாகவே மேலும் இரண்டு முறை முயலும். எங்கள் ஸ்கிரிப்ட் நூறு வரிக்கு ஒரு முறை உறுதிசெய்து எழுதும் பழக்கமுள்ளது. 200 வரிகள் எழுதிய பின் தரவுத்தள இணைப்பு அறுந்து, மறுமுயற்சி தலையிலிருந்து தொடங்கியிருக்கிறது. பற்றுச்சீட்டு எண்ணைத் தனித்த சாவியாக்கி, `ON CONFLICT DO UPDATE` கொண்டு எழுதியதும் எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே ஆனது. மறுமுயற்சி இல்லாமலும் இது வேண்டியதே, ஏனெனில் ஷெடியூலர் உறுதியளிப்பது குறைந்தது ஒரு முறை அழைப்பதை மட்டுமே. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த இரவில் ஷெடியூலர் பக்கம் எந்தத் தோல்வியையும் காட்டவில்லை. அழைப்பை லாம்டா ஏற்றுக்கொண்டதும் அதன் கடமை முடிந்துவிடுகிறது. எச்சரிக்கையை லாம்டாவின் பிழை எண்ணிக்கையில் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, 10 மணிக்கு அன்றைய எல்லைக்குரிய வரிகள் கணக்கில் உள்ளனவா என்று வேறொரு வேலை பார்ப்பது.

மூன்றாவது வேறுபாட்டில் தவறு பழையதன் பக்கம் இருந்தது. பதினோராம் இரவு நிழல் நிறைந்திருக்க, உண்மை அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. மாலை இடிமழையோடு மின்சாரம் போயிருந்தது. மறுநாள் கையால் ஓட்டவும் மறந்துவிட்டார்கள். பழையதையே அளவுகோலாக வைத்து, "பழையதோடு ஒத்தால் தேர்ச்சி" என்று எழுதிவைத்திருந்தால் இந்த இரவு புதியதன் தோல்வியாகப் பதிவாகியிருக்கும். எனவே வேறுபாடு வந்த இரவுகளில் நிலையங்களின் பற்றுச்சீட்டு அடிக்கட்டையை மூன்றாம் சாட்சியாக எடுத்தோம். அது சலிப்பான வேலை. ஆனால் இரண்டு கணினிகள் முரண்படும்போது அவற்றுக்கு வெளியே ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இணை ஓட்டத்தின் காலம் மெதுவான சுழற்சியைப் பொறுத்தது. எங்களுக்கு அது 15 நாள் கொடுப்பனவு. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் நாட்களை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினோம். விளக்கமில்லாத வேறுபாடு ஒன்றுகூட இல்லாத ஒரு முழு அரைமாதம் கிடைத்த பிறகே கைமாற்றத்துக்கு நாள் குறித்தோம்.

நிழலால் காண முடியாதவையும் உண்டு. நிழல் ஓட்டத்தின் தரவுத்தளப் பயனருக்கு உண்மை அட்டவணையில் எழுதும் உரிமை இல்லை, ஆகவே அந்த உரிமை சோதிக்கப்படவே இல்லை. குறுஞ்செய்தி நிறுவனம் அலுவலக இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்கும்படி வைத்திருந்தது. செய்தியை அட்டவணையில் எழுதிக்கொண்டிருந்தவரை அந்தச் சுவர் எங்களுக்குத் தெரியவில்லை. என் கைபேசிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தபோது மறுக்கப்பட்டது. லாம்டாவுக்கு நிலையான வெளிமுகவரி கொடுத்து அதைப் பதிவுசெய்ய நான்கு நாட்கள் போயின.

கைமாற்றும் இரவில் கிரானை நிறுத்தவில்லை. எழுதும் இடங்களை மட்டும் மாற்றினோம். புதியது உண்மை அட்டவணையில் எழுதிச் செய்தி அனுப்பியது. பழையது நிழலில் எழுதியது. திரும்ப வேண்டுமானால் இரு பக்கமும் ஒரு அமைப்பு மதிப்பை மாற்றினால் போதும். அடுத்த கொடுப்பனவு தாள் அச்சாகி, அடிக்கட்டைகளோடு கணக்காளர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட மறுநாள்தான் கிரான் வரியின் முன்னால் `#` இட்டு அதை நிறுத்தினோம்.