ஓடிபி கொடுத்திருந்தாலும் வராத பொருளுக்குக் காசைத் திருப்பிக் கேட்கலாம்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஆன்லைனில் சாமான் வாங்குகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நானும் எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவரும் ஒரே இணையக் கடையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டெப்லட் ஓடர் பண்ணினோம். ஒன்று 84,500 ரூபா. பத்து நாளில் வரும் என்றார்கள். பிறகு "மழையில பாதை மோசம், அடுத்த கிழமை வரும்" என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் போனையே எடுக்கவில்லை.

நான் கட்டியது டெபிட் கார்டில், டீச்சர் கட்டியது கிரெடிட் கார்டில். டெபிட் கார்டில் போவது நம்முடைய சொந்தக் காசு. கணக்கில் உள்ள தொகையும் வங்கி போட்ட நாள் வரம்பும்தான் அதற்கு எல்லை. என் நாள் வரம்பு 200,000, கணக்கில் இருந்தது 96,000. எஞ்சிய 11,500இல் 18,000 ரூபா லோன் தவணை கழிபடவில்லை, தாமதக் கட்டணம் வேறு. டீச்சருக்கு 150,000 கடன் வரம்பில் 84,500 முடங்கியதே தவிர, சம்பளக் கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை. அவருடைய வங்கி விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டச் சொல்லாமல் ஒதுக்கி வைத்தது. எல்லா வங்கியும் இப்படிச் செய்யாது. ஒதுக்காவிட்டால் வட்டி ஏறும், ஆகவே முறைப்பாடு கொடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

என் கிளையில் நடந்ததுதான் மனதை நோகடித்தது. "ஓடிபி குடுத்தது நீங்கதானே, ஒண்டும் செய்ய ஏலாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் பிழை. கார்டைத் திருடி வேறு யாரோ செலவழித்தார்கள் என்று சொல்லும்போதுதான் ஓடிபி நமக்கு எதிராக நிற்கும். காசு கட்டியது நான்தான், பொருள் வரவில்லை என்பது வேறு முறைப்பாடு. வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் அதற்குத் தனிக் காரணமே உண்டு, அப்படிக் கட்டிய காசை வங்கி வழியாகக் கடைக்காரரிடமிருந்து திரும்பப் பெறுவதைச் சார்ஜ்பேக் என்பார்கள். அது டெபிட் கார்டுக்கும் பொருந்தும்.

டீச்சர் சொல்லித்தான் மறுபடி போனேன். "பொருள் கிடைக்கவில்லை" என்று படிவத்தில் எழுதி, ஓடர் ரசீது, வருவதாகச் சொன்ன திகதி, கடைக்காரரின் வட்ஸ்அப் பதில்கள் எல்லாவற்றையும் இணைத்து, முத்திரை குத்திய பிரதி வாங்கினேன். இரண்டு பேருக்கும் காசு திரும்பியது. ஆனால் விசாரணை முடியும்வரை அவர் கையில் காசு இருந்தது, நான் சங்கிலியை அடகு வைத்திருந்தேன்.

"அடுத்த கிழமை" என்று இழுப்பது காலக்கெடு கடக்கத்தான். பொருள் வரவேண்டிய திகதியிலிருந்து பொதுவாக 120 நாள் கிடைக்கும், ஆனால் வங்கிகள் இன்னும் முன்கூட்டியே கேட்கலாம். சொன்ன திகதி தாண்டியதும் போங்கள். கடைக்காரரின் கணக்குக்கு நேரே காசு மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள், அதற்கு சார்ஜ்பேக் கிடையாது. கார்ட் தொலைந்தால் எந்தக் கார்டானாலும் உடனே அறிவியுங்கள். அறிவிக்கும்வரை நடக்கும் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

கிளை படிவத்தை வாங்க மறுத்தால், வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் அழைக்கலாம்.