திருகோணமலையில் 1500 ரூபாய்க்கு டயட் சார்ட் சுருக்கிக் கொடுக்கும் கடை: ஏமாந்த கதை

அம்மாவுக்கு 67 வயது. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இவ்வளவு காலமும் குளிசையோடு சமாளித்தார். போன மாதம் கொழும்பில் அண்ணா வீட்டில் நின்றபோது, குளிசை மட்டும் போதாது என்று காலையும் இரவும் ஊசியாக மாற்றினார்கள். 30/70 என்று போட்டிருக்கும், பால் மாதிரிக் கலங்கலான இன்சுலின். அங்கேயே ஒரு டயட்டீஷியன் அம்மாவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, ஏழு பக்கத்தில் சாப்பாட்டு அட்டவணை எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். முதல் இரண்டு கிழமையும் அண்ணிதான் அதைப் பார்த்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தார். ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு அம்மா இங்கே உவர்மலைக்கு வந்துவிட்டார். நான் சீனக்குடாப் பக்கம் இரவு வேலைக்குப் போகிறவன். வீட்டில் அம்மாவும் ஏஎல் படிக்கிற என் அக்காவின் மகளும்தான். ஏழு பக்க ஆங்கிலத்தை ஒவ்வொரு வேளையும் புரட்ட முடியாது, சமையலறையில் ஒட்டுகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று நினைத்தேன். டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் “டயட் சார்ட் தமிழில் சுருக்கித் தரப்படும்” என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். கேட்டேன். “போஷாக்குப் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது, அவதான் வாசித்துச் செய்வா” என்றார் முதலாளி. 1500 ரூபாய் கொடுத்தேன். அடுத்த நாளே கலரில், லேமினேட் பண்ணி, வடிவான அட்டை ஒன்று வந்தது. சாப்பாட்டு நேரம், அளவு, தவிர்க்க வேண்டியது என்று மூன்று கட்டம். பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷம்தான். பழைய ஏழு பக்கத்தைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துவிட்டேன். நான் விட்ட பிழை அது.

நாலாம் நாள் இரவு இரண்டே முக்காலுக்கு மருமகள் போன் எடுத்தாள். அம்மாவின் சட்டை வியர்வையில் தோய்ந்துபோய் இருக்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கதைக்கிறார் என்றாள். குத்திப் பார்க்கச் சொன்னேன். 48. எழுபதுக்குக் கீழே போனாலே இறக்கம் என்று சொல்வார்கள். “சீனி கரைத்துக் கொடு” என்றேன். அவள் அழுதுகொண்டே, “மாமா, அட்டையில் சிவப்பு எழுத்தில் சீனி, குளுக்கோஸ் அறவே கூடாது என்று இருக்கு” என்கிறாள். பயத்தில் அந்தப் பிள்ளை முதலில் வெறும் தண்ணீரும் ஒரு கிரேக்கர் பிஸ்கட்டும்தான் கொடுத்திருக்கிறாள். அதிலேயே பதினைந்து நிமிடம் போய்விட்டது. நல்ல காலம், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வந்தார். முந்தி மருத்துவிச்சியாக இருந்தவர். “பிள்ளை, ஊசி போடுற ஆளுக்குச் சீனி இறங்கினால் சீனிதான் மருந்து, கொண்டு வா” என்று மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார். அம்மாவுக்கு விழுங்கத் தெரிந்த நிலை இருந்ததால் அது சரி. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்ஸுக்குப் போன் அடிக்க வேண்டும் என்று மாமி பிறகு சொன்னார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 84. அதற்குப் பிறகு பாலும் பாணும் கொடுத்தார்கள்.

விடிந்து வீட்டுக்கு வந்ததும் ஏழு பக்கத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது.

டயட்டீஷியனின் அட்டவணையில் இரவு பத்து மணிக்கு ஒரு சிறு சாப்பாடு இருந்தது: சீனி போடாத பால் அரைக் கப், பாண் ஒரு துண்டு. அதைக் கோடு போட்டு, விடக்கூடாது என்றும் எழுதியிருந்தார். காரணம் அந்த இன்சுலின்தான். அதில் முப்பது பங்கு சாப்பிட்டவுடன் ஏறுகிற சீனியைப் பார்க்கும். மிச்சம் எழுபது பங்கு மெதுவாகத் தொடங்கி, நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு பலமாக வேலை செய்யும். இரவு ஏழு மணிக்குப் போட்ட ஊசி நடுச்சாமத்துக்குப் பிறகுதான் முழு வேகத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால், இறங்க வேண்டியதற்கு மேலேயே சீனி இறங்கும். காலை ஊசிக்கும் இதே கணக்குத்தான். அதனால்தான் பத்தேகாலுக்கு ஒரு கொய்யாப்பழமோ சின்னக் கதலி வாழைப்பழமோ எழுதப்பட்டிருந்தது. அட்டையில் இரண்டுமே இல்லை. அதற்குப் பதிலாக, “இரவு 8 மணிக்குப் பிறகு எதுவும் உண்ண வேண்டாம்” என்று ஒரு வரி. ஏழு பக்கத்தில் எந்த மூலையிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

தவிர்க்க வேண்டியவற்றிலும் இதே கூத்து. சார்ட்டில் சீனி, குளுக்கோஸ் என்ற இடத்தில் “சீனி இறங்கும்போது தவிர, ஏழாம் பக்கம் பார்க்கவும்” என்று இருந்தது. அட்டையில் முதல் பாதி மட்டும் வந்தது. ஏழாம் பக்கம் முழுக்க, இறங்கினால் என்ன செய்வது என்றுதான் எழுதியிருந்தது. அதில் ஒரு வரிகூட அட்டைக்கு வரவில்லை.

அளவுதான் இன்னும் மோசம். சார்ட்டில் பகலுக்குச் சோறு ஒரு கப், கப் என்றால் 200 மில்லிலீட்டர், சமைத்த பிறகு அளக்க வேண்டும். அட்டையில் “அரிசி 1 கப்”. ஒரு கப் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட மூன்று கப் சோறு. மருமகள் அட்டையைப் பார்த்து ஒரு கப் அரிசியை அம்மாவுக்கென்று தனியாக வடித்திருக்கிறாள். அம்மா “இவ்வளவு நான் தின்ன மாட்டேன்” என்று பாதியை ஒதுக்கியும், பகல் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தது 270க்கு மேல். அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தால், பகலில் இப்படி ஏறுகிறதே என்று காலை ஊசியைக் கூட்டச் சொல்லியிருக்கலாம். அட்டைப்படி பத்தேகால் சாப்பாடும் இல்லாமல், ஊசியையும் கூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதோடு இடியப்பம் 4, பாண் 3 துண்டு, புட்டு முக்கால் கப் என்று காலைச் சாப்பாடு வரிசையாகக் கிடந்தது. சார்ட்டில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் “அல்லது” இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொமா போட்டிருக்கிறார்கள். நல்ல வேளை, எங்கள் வீட்டில் அதை யாரும் மூன்றும் சாப்பிடச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனிமேல்தான் ஏமாற்று. வேலையிடத்தில் இதைச் சொன்னபோது கிண்ணியாவிலிருந்து வருகிற கூட்டாளி ஒருவர், தன் வாப்பாவுக்கும் அதே கடையில் அட்டை செய்ததாகச் சொன்னார். போட்டோ அனுப்பச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் அம்மாவின் அட்டையேதான். மரவள்ளிக்கிழங்கு என்பது “வரவள்ளிக்கிழங்கு” என்று விழுந்திருந்த எழுத்துப் பிழைகூட அப்படியே. மேலே பெயரும் வயதும்தான் வேறு. அவருடைய வாப்பா மெட்ஃபோமின் குளிசை மட்டும் போடுகிறவர். அந்தக் குளிசை தனியாக இருந்தால் சீனியை இந்த மாதிரி இறக்குவது அரிது, இரவு எட்டுக்குப் பிறகு சாப்பிடாமல் விட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் ஒரு மாதமாக ஒரு கப் அரிசியை வடித்து முழுவதையும் சாப்பிட்டிருக்கிறார், சீனி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எங்கள் ஏழு பக்கத்தையும் அந்தக் கடையில் யாரும் திறந்தும் பார்க்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். போஷாக்குப் படித்த பிள்ளை என்று யாரும் இல்லை, டைப் அடிக்கிற தம்பி ஒருவர்தான். “சுருக்கம் என்றால் சிலது விடுபடத்தானே செய்யும்” என்றார் முதலாளி. விடுபடவில்லை அண்ணை, இல்லாதது சேர்ந்திருக்கு என்றேன். லேமினேட் பண்ணினதுக்குக் காசு திருப்ப ஏலாது என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் சண்டை பிடிக்கவில்லை.

பிறகு அண்ணா அந்த டயட்டீஷியனிடம் போனில் பேச ஒழுங்கு செய்தார். அவர் சொன்னபடி நானே ஒரு தாளில் எழுதினேன், அரை மணி நேரம்தான் ஆனது. சாப்பாட்டு நேரத்தை முதலில் எழுத வேண்டாம், ஊசி நேரத்தை முதலில் எழுதுங்கள் என்றார். காலை 6.45 ஊசி, 7.15 சாப்பாடு, 10.15 பழம், 1.00 பகல், 4.00 சீனி இல்லாத தேத்தண்ணியோடு ஒரு பிடி அவித்த கடலை, 7.00 ஊசி, 7.30 இரவுச் சாப்பாடு, 10.00 பாலும் பாணும். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம், ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிந்தக்கூடாது. அளவு எழுதும்போது மாவுச்சத்துள்ள ஒன்றை மட்டும் அளந்து, மற்றவற்றுக்கு “அல்லது” போடச் சொன்னார். மீன், கீரை, பொரிக்காத மரக்கறி எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு எழுதினால் தாள் நிரம்பும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். வீட்டுக் கப்பை அளந்து பார்க்கவும் சொன்னார். அம்மாவின் தேத்தண்ணிக் கப் 300 மில்லிலீட்டர் பிடித்தது! இப்போது அதன் வெளியில் 200க்கு நேராக நகப்பூச்சால் ஒரு கோடு இருக்கிறது.

தவிர்க்க வேண்டியதை இரண்டாகப் பிரித்தோம். அறவே வேண்டாம் என்பதில் சோடா, சீனி போட்ட தேத்தண்ணி, ரின்பால், கேக், தொதல், அதோடு பனங்கட்டியும் பாணியும். பனங்கட்டி நல்லது என்று அம்மா ஒரு கட்டியை ஒளித்து வைத்திருந்தார், அது வேறு கதை. எருமைத் தயிர் கொஞ்சம் சாப்பிடலாம், பாணிதான் கூடாது. மரவள்ளி, வற்றாளை, பலாக்காய் இரண்டாவது பட்டியலில்: சாப்பிட்டால் அந்த வேளைச் சோற்றைக் குறைக்க வேண்டும். கடை அட்டையில் இவை எல்லாம் ஒரே சிவப்புப் பெட்டிக்குள் கிடந்தன.

தாளின் அடியில் தனிப் பெட்டி: வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் குத்திப் பார், 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனி தண்ணீரில், 15 நிமிடத்தில் திரும்பப் பார், ஏறாவிட்டால் இன்னொரு முறை. பாலும் சொக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் ஏற்றும். இதை மருமகள்தான் தன் கையால் எழுதினாள்.

அந்தக் கடையின் அறிவித்தல் நேற்றும் தொங்கியது. உங்கள் வீட்டிலும் அப்படி லேமினேட் பண்ணின அட்டை ஒன்று இருந்தால், “வரவள்ளிக்கிழங்கு” என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, டயட்டீஷியன் கையால் தந்த தாளைத் தேடி எடுங்கள்.