அனுப்பாத மூன்று மனுக்களும் அனுப்பிய ஒன்றும்

நண்பர் ஒருவர் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறார். கூட்டம் சனிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. 64 உறுப்பினர்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஒரே வாசகத்தை நகல் எடுத்து, கீழே ஒரு சுருக்கிய இணைப்பை ஒட்டி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார். மாலை 7:40க்குத் தொடங்கி 7:51க்கு முடித்துவிட்டார். 8:05க்கு அவருடைய சமூக ஊடகக் கணக்கு முடக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் ‘ஸ்பாம்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது.

அன்றிரவே உதவிக் குழுவுக்கு மூன்று மனுக்களை எழுதி, எதை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார். மேல்முறையீடுகளைப் படிக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் நான். மூன்றையும் அனுப்ப வேண்டாம் என்றேன். நான்காவதாக ஒன்றைச் சேர்ந்து எழுதினோம். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மனுவைப் படிப்பவருக்கு உண்மையில் என்ன தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

அதற்கு முன், படிப்பவரின் திரையில் என்ன இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, முன்பு ஏதேனும் எச்சரிக்கை பெற்றதா, எந்த விதியின் கீழ் முடக்கப்பட்டது, அந்த முடக்கத்துக்குக் காரணமான செயல்களின் நேரப் பதிவு, யாராவது புகார் அளித்தார்களா என்பவை இருக்கும். இவற்றுக்குப் பக்கத்தில் உங்கள் மனு. அவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதிவை வேறு விதமாகவும் படிக்க முடியுமா? அதற்கு விடை தராத வரிகள், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அவருக்குப் பயன்படுவதில்லை.

முதல் வரைவு கெஞ்சல். “ஆறு ஆண்டுகளாக இந்தக் கணக்கை வைத்திருக்கிறேன். என் நண்பர்கள், படங்கள், நினைவுகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. தயவுசெய்து கருணை காட்டுங்கள்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சரிபார்ப்பதற்கும் எதுவும் இல்லை. கணக்கின் வயது திரையிலேயே தெரிகிறது. இழப்பின் வலி தீர்ப்பை மாற்றும் சான்று ஆகாது. உண்மையான மோசடிக்காரர்களும் இதே வரிகளைத்தான் எழுதுவார்கள் என்பது இன்னொரு சங்கடம். நல்லவரின் கண்ணீரையும் கள்ளனின் கண்ணீரையும் எழுத்தில் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது வரைவு கோபம். “நான் எந்த ஸ்பாமும் அனுப்பவில்லை. உங்கள் இயந்திரம் தவறு செய்துவிட்டது. 24 மணி நேரத்தில் கணக்கைத் திருப்பித் தராவிட்டால் வழக்கறிஞரை அணுகுவேன்.” நண்பருக்குப் பிடித்த வரைவு இதுதான். மூன்றில் அதிகம் கெடுக்கக்கூடியதும் இதுதான் என்பேன். அவர் மனத்தில் ‘ஸ்பாம்’ என்றால் விளம்பரம், ஏமாற்று வேலை. ஆகவே அவர் மறுப்பு அவரளவில் உண்மை. படிப்பவரின் திரையிலோ, 11 நிமிடங்களில் 64 பேருக்கு ஒரே வாசகம், ஒரே இணைப்பு போயிருக்கிறது. “அனுப்பவில்லை” என்ற சொல் அந்தப் பதிவோடு நேராக மோதுகிறது. நிரபராதி ஒருவர் தன் வாயாலேயே பொய்யர் ஆகிவிடுகிறார்.

வழக்கறிஞர் மிரட்டலிலும் ஒரு பொறி இருக்கிறது. பல நிறுவனங்களில், சட்ட நடவடிக்கை என்ற பேச்சு வந்தவுடன் முன்வரிசை ஊழியர் மேற்கொண்டு எதுவும் பேசக்கூடாது. உங்கள் மனு பதிவான கோப்பு, அதாவது டிக்கெட், சட்டப் பிரிவுக்குப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் கணக்கைத் திறந்துவிடக்கூடியவரின் கையை நீங்களே கட்டிவிடுகிறீர்கள். வழக்குத் தொடுக்கும் எண்ணம் மெய்யாகவே இருந்தால் அதற்குரிய வழியில் போகலாம். வெறும் அதட்டலாக இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது வரைவு மன்னிப்பு. “விதியை மீறியதற்கு வருந்துகிறேன். இனி இப்படிச் செய்யமாட்டேன். ஒரு வாய்ப்புத் தாருங்கள்.” பணிவானது, படிக்கவும் இதமானது. இணையத்தில் பலர் கொடுக்கும் அறிவுரையும் இதுதான். உண்மையில் விதியை மீறியவருக்கு, அதுவும் முதல் முறை சிறு பிழை செய்தவருக்கு, இது பொருந்தும். தவறுதலாகத் தடை செய்யப்பட்டவர் இதை எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. டிக்கெட்டில் ‘பயனர் ஒப்புக்கொண்டார்’ என்ற குறிப்பு ஏறிவிடும். தடை சரி என்று முடிவாகிவிட்டால், அடுத்த மனுவில் “உண்மையில் நான் விதியை மீறவேயில்லை” என்று திரும்ப முடியாது. இரண்டு மனுக்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும்.

நான்காவதை எழுதும் முன் ஒன்றைச் சரிபார்த்தோம். தவறுதலான தடைகளில் இரண்டு வகை உண்டு. செயலைச் செய்தது நீங்கள், ஆனால் அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பது ஒன்று. செயலைச் செய்தது நீங்களே அல்ல, கணக்கு களவு போயிருக்கிறது என்பது மற்றொன்று. நண்பரின் மின்னஞ்சலில் புதிய சாதனத்திலிருந்து யாரும் நுழைந்ததாக அறிவிப்பு வரவில்லை, கடவுச்சொல்லும் மாறவில்லை. நேரமும் எண்ணிக்கையும் அவர் நினைவோடு பொருந்தின. ஆக, முதல் வகை. பிறகு எழுதியது இது:

“பொருள்: ஸ்பாம் என்ற காரணத்தால் முடக்கப்பட்ட கணக்கு – மறுபரிசீலனை வேண்டுகோள் (பயனர்பெயர்: …)

இந்த மாதம் 14ஆம் தேதி மாலை 7:40 முதல் 7:51 வரை (UTC +5:30) ஒரே வாசகத்தை 64 பேருக்கு நானே அனுப்பினேன். அவர்கள் அனைவரும் நான் நடத்தும் வாசிப்பு வட்டத்தின் உறுப்பினர்கள். கூட்ட நாள் மாறியதைத் தெரிவிப்பதே செய்தியின் நோக்கம். அதிலிருந்த சுருக்கிய இணைப்பு கூட்ட விவரம் உள்ள பக்கத்துக்குச் செல்வது. அதன் முழு முகவரியைக் கீழே தந்துள்ளேன். அந்தப் பக்கத்தில் விற்பனையோ உள்நுழைவுப் படிவமோ இல்லை.

உறுப்பினர்களில் பலர் புதியவர்கள். அவர்களோடு நான் முன்பு உரையாடியதில்லை. தானியங்கி மென்பொருள் எதையும் பயன்படுத்தவில்லை. கையால் நகலெடுத்து ஒட்டினேன்.

அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும், நாள் மாற்றத்தை உறுப்பினர்கள் முடிவுசெய்த முந்தைய உரையாடலையும் இணைத்துள்ளேன். முடக்கத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய அறிவிப்புகளைக் குழு உரையாடலில் வெளியிடுவேன்.”

இதில் நண்பர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பதிவில் இருப்பதை அவரே முதலில் சொல்லிவிடுகிறார், அதுவும் நிமிடக் கணக்கோடு. படிப்பவர் பதிவைப் பார்க்கிறார், பொருந்துகிறது. சொல்பவர் மீது நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து அதே பதிவுக்கு வேறொரு பொருள் தருகிறார். முன்பின் பேசாதவர்களுக்குச் செய்தி போனதேன், சுருக்கிய இணைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சந்தேகம் எழக்கூடிய இடங்களை அவரே தொட்டு விளக்குகிறார். இணைப்பின் முழு முகவரியைத் தந்தது முக்கியம். சுருக்கிய இணைப்பு எங்கே போகிறது என்பது வெளியில் தெரியாது. மோசடிக்காரர்கள் அதை விரும்புவதும் அதனால்தான்.

கடைசி வரி மன்னிப்பு போலத் தோன்றலாம். அது குற்றத்தை ஏற்பதல்ல, திரும்ப நடக்காது என்பதற்கான உறுதி. “வருந்துகிறேன்” என்று எழுத நண்பர் துடித்தார், நான் விடவில்லை.

“உங்கள் அல்காரிதம் குறைபாடுடையது” என்ற வரியையும் வெட்டினேன். எது தடையைத் தூண்டியது என்று நமக்குத் தெரியாது. வேகமா, இணைப்பா, யாரோ ஒரு புதிய உறுப்பினர் புகார் பொத்தானைத் தட்டியதா? ஊகித்து எழுதினால், ஊகம் பிசகும்போது மற்ற வரிகளின் மீதும் ஐயம் விழும்.

இதே நடையைக் களவுபோன கணக்குக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே “நானே அனுப்பினேன்” என்பதற்குப் பதில், எந்த நேரம் வரை கணக்கு உங்கள் கையில் இருந்தது, எப்போது அந்நிய நுழைவு நடந்தது, அறிவிப்பு மின்னஞ்சல் எப்போது வந்தது, பிறகு கடவுச்சொல்லை மாற்றி இருபடிச் சரிபார்ப்பை இயக்கினீர்களா என்ற வரிசை வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், கணக்கைத் திறந்தால் கள்ளனும் கூடவே உள்ளே வருவான் என்று உதவிக் குழு தயங்கும். கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ மட்டும் எந்த மனுவிலும் எழுதக்கூடாது. உண்மையான உதவிக் குழு அதைக் கேட்காது.

களவு என்ற விளக்கம் எடுபடாத இடங்களும் உண்டு. விளையாட்டில் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தியதாகக் கண்டறிந்து ஸ்டீம் விளையாட்டுத் தளம் விதிக்கும் VAC தடை அப்படிப்பட்டது. அது நிரந்தரம், உதவிக் குழுவால் நீக்க முடியாது, தவறாக விதிக்கப்பட்டது என்று தெரிந்தால் தானாகவே நீக்கப்படும் என்று அதன் விதி சொல்கிறது. “தம்பி விளையாடினான்” என்ற மனு அங்கே காகிதச் செலவுகூட இல்லாத வீண்வேலை.

இதற்கு நேரெதிர் முனையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இருக்கிறது. தளங்கள் முடக்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், சிறு நிறுவனங்கள் நீங்கலாக மற்றவை குறைந்தது 6 மாதங்கள் வரை இலவசமாக முறையிட இடம் தர வேண்டும், அந்த முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்மானிக்கக்கூடாது என்கிறது அது. அங்குள்ள பயனர் இயந்திரப் பதில் ஒன்றைப் பெற்றால், மனிதர் பார்த்தாரா என்று கேட்கும் உரிமையோடு கேட்கலாம்.

அனுப்பிய பிறகு நடப்பதிலும் இரண்டு வழிகள் மோதும். காத்திருப்பதா, மறுபடி மறுபடி எழுதுவதா? நண்பர் மறுநாளே இரண்டாவது டிக்கெட் திறக்கக் கிளம்பினார். கடைசியாக மாற்றம் நடந்த நேரத்தின்படி வரிசை அமைந்திருக்கும் இடங்களில், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு வரியும் உங்களை வரிசையின் வாலுக்குத் தள்ளும். புதுக் கணக்கு தொடங்குவது அதைவிட மோசம். பல தளங்களில் அது தடையை ஏய்ப்பதாகும். தவறுதலான தடை அப்போது நியாயமான தடையாக மாறிவிடும். பதிவுசெய்த அதே மின்னஞ்சலிலிருந்து, ஒரே டிக்கெட். எல்லோருக்கும் ஒன்றுபோல அனுப்பும் பொதுப் பதில் வந்தால், அதே டிக்கெட்டில் “எந்தச் செய்தி, எந்த விதி?” என்ற ஒரே கேள்வி.

நண்பருக்கு அது தேவைப்படவில்லை. நான்காம் நாள் கணக்கு திரும்பியது. காரணம் எதுவும் சொல்லாத இரண்டு வரிப் பதில் வந்தது. ஆனால் முடக்கத்தோடு அந்த 64 செய்திகளும் பெறுநர்களின் பெட்டியிலிருந்து மறைந்துபோயிருந்தன. அன்று மாலையே படித்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களில் மூன்று பேர் சனிக்கிழமை வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.