மொட்டைமாடித் தொட்டியின் டேங்க் நிப்பிள்: சில கோடைகளுக்குப் பிறகு

வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பஞ்சம் முடிந்த கையோடு வைத்தவை. ஒன்றின் அடியில் சுவரைத் துளைத்துக் குழாயை இணைக்கும் பிளாஸ்டிக் டேங்க் நிப்பிள், மற்றொன்றில் ஒரு அங்குல பித்தளை நிப்பிள். ஒரே வெயில், ஒரே தண்ணீர், முறுக்கியதும் ஒரே பிளம்பர். எனவே இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லத் தகுதி உண்டென்று நினைக்கிறேன். பித்தளைதான் நிற்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். முழு உண்மை அதுவல்ல.

பொருத்திய அன்றே நட்டின் மீதும் தொட்டிச் சுவரின் மீதும் சேர்ந்தாற்போல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். முதல் கோடைக்குப் பிறகு பிளாஸ்டிக் நிப்பிள் கசியத் தொடங்கியது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "நட்டு கழன்றிருக்கிறது சார், மோட்டார் அதிர்வுதான்" என்றார். குனிந்து பார்த்தால் கோடு மயிரிழை கூட விலகவில்லை. நட்டு அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் இறுக்கத்தைக் காணோம். கையால் தள்ளியதும் எளிதாகச் சுழன்றது.

பொறியியலில் இதைத் தகைவுத் தளர்வு என்பார்கள். நட்டை முறுக்கும்போது நிப்பிளின் உடல் சற்று நீள்கிறது, தொட்டிச் சுவரும் வாஷரும் நசுங்குகின்றன. அந்த நீட்சியும் நசுங்கலும் எதிர்த்துத் தள்ளும் விசைதான் நாம் 'இறுக்கம்' என்று சொல்வது. நட்டு அசையாததால் மொத்த நீளம் மாறுவதில்லை. ஆனால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கி, அந்த நசுங்கிய நிலைக்கே பழகிக்கொள்கின்றன. வடிவம் அப்படியே இருக்கிறது, எதிர்ப்பு குறைந்துவிடுகிறது. தொட்டியின் பிளாஸ்டிக்கான பாலிஎதிலீனில் குழாய்களை வடிவமைப்பவர்கள் ஐம்பது ஆண்டுக் கணக்குக்கு எடுக்கும் விறைப்பு, புதிதாகச் சோதிக்கும்போது கிடைப்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அதுவும் அறை வெப்பத்தில். கத்திரி வெயிலில் கை வைக்க முடியாத கறுப்புத் தொட்டியில் அந்த வழுக்கல் பல மடங்கு வேகமாக நடக்கிறது.

குறையும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. முதல் ஒரு மணியிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் எவ்வளவு போகிறதோ, ஏறக்குறைய அவ்வளவேதான் பத்திலிருந்து நூறு மணிக்குள்ளும், நூறிலிருந்து ஆயிரத்துக்குள்ளும் போகும். அதனால் மறுநாள் போய் ஒரு முறை முறுக்குவதில் பெரிய பலன் இருக்கிறது. முதல் கோடை முடிந்ததும் இன்னொரு முறை போதும். வாரம்தோறும் ரிஞ்சோடு மாடிக்கு ஏறுவது வீண் வேலை.

"ஆரம்பத்திலேயே இரண்டு மடங்கு முறுக்கிவிட்டால் என்ன?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தளர்வு விகிதப்படி நடப்பது. இரண்டு மடங்கு இறுக்கினால் இழப்பும் இரண்டு மடங்காகும். பிளாஸ்டிக் மரை அதற்கு மேல் தாங்காமல் கீறலும் விடும். வாஷரோ ஓரமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

இனி பித்தளை நிப்பிள். பித்தளை இந்த வெப்பத்தில் தளர்வதில்லை, அது சரிதான். ஆனால் அது பிடித்துக்கொண்டிருப்பது பாலிஎதிலீன் சுவரை. சுவர் தளர்ந்தால் பித்தளை என்ன செய்யும்? இரண்டாம் ஆண்டு மார்கழியில் விடியற்காலையில் மட்டும் சொட்டியது. பத்து மணி வெயில் ஏறியதும் தானாக நின்றது. காரணம் விரிவு. பாலிஎதிலீன் சூட்டில் பித்தளையைவிடக் கிட்டத்தட்ட எட்டுப் பத்து மடங்கு விரியும். வெயிலில் சுவர் உப்பி நட்டுக்கும் நிப்பிளின் தலைக்கும் நடுவே அதிகம் நெருக்கப்படுகிறது, அந்தச் சூட்டிலேயே தளர்ந்தும் விடுகிறது. பனிக்காலக் காலையில் சுருங்கும்போது பழைய இறுக்கம் திரும்பி வருவதில்லை. 5 மி.மீ. சுவர் 30 டிகிரி வித்தியாசத்தில் சுருங்குவது 0.025 மி.மீ. அளவுதான். ஆனால் உடன் வந்த கெட்டி வாஷர் மொத்தமே 0.1 மி.மீ. போலத்தான் நசுங்கியிருந்தது. அதில் கால் பங்கு ஒரே இரவில் போய்விடுகிறது, மீதியைக் கோடைத் தளர்வு ஏற்கெனவே தின்றுவிட்டது.

ஆகவே நான் மாற்றியது வாஷரை. 3 மி.மீ. தடிமனுள்ள மெத்தென்ற இ.பி.டி.எம். ரப்பர் வாஷர், தொட்டியின் உட்புறத்தில். அதைக் கால் பங்கு, அதாவது 0.75 மி.மீ., நசுக்கினால் சுவர் 0.1 மி.மீ. விட்டுக்கொடுத்தாலும் இழப்பு ஏழில் ஒரு பங்குதான். வாஷரின் நசுங்கல் வங்கியில் போட்டு வைத்த சேமிப்பு மாதிரி, சுவரும் குளிரும் எடுத்துக்கொண்ட பிறகும் மிச்சம் இருக்கவேண்டும். தொட்டியில் தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றாலும் அடியில் அழுத்தம் 0.1 பார்தான். அதைத் தடுக்கச் சிறிய இறுக்கமே போதும், ஆனால் அது தீரக்கூடாது.

எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு அங்குல பித்தளை நிப்பிளில் அங்குலத்துக்கு 11 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு 2.3 மி.மீ. நகரும். கையால் இறுகும்வரை திருப்பிவிட்டு, ரிஞ்சில் மூன்றில் ஒரு சுற்று கொடுத்தால் அந்த 0.75 மி.மீ. கிடைத்துவிடும். மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், அரைக்கால் சுற்று. மதியச் சூட்டில் முறுக்காதீர்கள், உப்பியிருக்கும் சுவர் பொய்யான இறுக்கத்தைக் காட்டும். ஒவ்வொரு முறையும் பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு போட்டுவிடுகிறேன்.

இப்படிச் செய்த பிறகு இரண்டு தொட்டிகளும் கசியவில்லை. ஆம், பிளாஸ்டிக் நிப்பிளும்தான். அதன் உடலே தளரக்கூடியது என்பதால் கோடை முடிந்து ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன், சில ஆண்டுகளில் சற்றுத் திருப்பவும் வேண்டியிருந்தது. பித்தளைக்கு அது தேவைப்படவில்லை. விலை வித்தியாசத்துக்கு அந்த நிம்மதி தகுமா என்றால், மாடிக்கு ஏறத் தயங்காதவர்களுக்குத் தகாது என்பேன். கோடு விலகியிருந்தால் மட்டும் கதை வேறு: அது உண்மையாகவே அதிர்வில் கழன்றது, மோட்டார் பக்கத்துக் குழாய்க்குத் தாங்கி வைக்கவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாரிமுனைக் கடைகளில் 'இ.பி.டி.எம்.' என்று சொல்லித் தருவதெல்லாம் அதுவல்ல. நான் வாங்கிய இரண்டு வகையை இரு தகடுகளுக்கு நடுவே 2.25 மி.மீ. ஆகும்வரை சி-கிளாம்ப்பில் நசுக்கி, ஒரு முழுநாள் மாடியில் வைத்தேன். விடுவித்து அரைமணி நேரம் கழித்து வெர்னியரில் அளந்தால், நல்லது 2.9 மி.மீ. வரை எழுந்தது, போலி 2.5-லேயே நின்றுவிட்டது. 0.75-இல் 0.5 போய்விட்டது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில். ஆய்வகங்களில் இதையே 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்துச் செய்வார்கள். வெர்னியர் இல்லாதவர்கள் நசுக்கிய வாஷரைப் புதிய வாஷரின் பக்கத்தில் வைத்து நகத்தால் தடவிப் பார்த்தாலே போலியில் அரை மில்லிமீட்டர் படி தெளிவாகத் தட்டுப்படும். அவ்வளவு பெரிய படி தட்டுப்பட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.