திருப்பூரில் இரத்ததான முகாமுக்கு ‘மும்மொழிப் பிரசாரம்’ வாங்கி ஏமாந்த கதை

சமூக ஊடகப் பிரசாரத்தைப் பணம் கொடுத்து வெளியே ஒப்படைக்கப்போகும் தொண்டு அமைப்புகளும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களும் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் பிரசாரத்தை ஒப்படைத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள்.

நாங்கள் திருப்பூரில் ஒரு தன்னார்வ இரத்ததானக் குழு. அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ இரத்ததான நாள் என்பதால் ஆண்டுதோறும் அன்று முகாம் நடத்துகிறோம். பனியன் கம்பெனிகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள் நிறையப் பேர் இருப்பதால், தமிழோடு இந்தியும் வேண்டும் என்று முடிவு செய்தோம். கம்பெனி நிர்வாகங்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் ஆங்கிலம். ஒவ்வொரு பதிவையும் மூன்று மொழிக்கும் ‘தகவமைத்துத் தருவதாக’ அந்த நிறுவனம் சொன்னது. மொழிக்கு ஒரு கட்டணம், பாதி முன்பணம், அறிக்கை தந்த பிறகு மீதி.

முதலில் அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். பணம் பிடுங்கப்படும் இடம் அதுதான். வண்ண வண்ணமாக வரைபடங்கள் போட்டிருந்தார்கள். மூன்று ஹேஷ்டேகுகள்: #இரத்ததானம், #DonateBlood, #रक्तदान. மூன்றின் கோடும் அக்டோபர் 1 அன்று செங்குத்தாக ஏறியிருந்தது. ‘உங்கள் பிரசாரத்தின் வீச்சு’ என்று கீழே ஒரு பெரிய எண்.

இந்த மூன்று சொற்களும் எங்களுடையவை அல்ல. நாடு முழுவதும் அக்டோபர் 1 அன்று இரத்ததானத்தைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள் எல்லாரும் இவற்றைத்தான் போடுகிறார்கள். கோடு ஏறாமல் என்ன செய்யும்? நாங்கள் ஒரு பதிவும் போடாமல் இருந்திருந்தாலும் அதே கோடு அதே நாளில் ஏறியிருக்கும். தமிழ் ஹேஷ்டேகின் கீழ் இருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, நடிகர்களின் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றங்கள் நடத்திய முகாம்களும் வேறு மாவட்டங்களின் அறிவிப்புகளும்தான் பக்கம் பக்கமாக வந்தன. எங்கள் பதிவைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் நிலைமை இன்னும் மோசம்.

அந்தப் பெரிய எண்ணிலும் ஒரு சூழ்ச்சி இருந்தது. அது ‘சாத்தியமான வீச்சு’. ஹேஷ்டேகைப் பயன்படுத்திய ஒவ்வொரு கணக்கையும் எத்தனை பேர் பின்தொடர்கிறார்களோ, அத்தனையையும் கூட்டிவிடுவது. பின்தொடர்கிறவர் பதிவைப் பார்த்தாரா என்பது கணக்கிலேயே இல்லை. இருவரைப் பின்தொடரும் ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். உண்மையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கணக்கின் உரிமையாளருக்குத் தளமே காட்டுகிறது. எங்கள் பக்கத்தில் போய் எங்கள் பதிவுகளை மட்டும் கூட்டிப் பார்த்தோம். அறிக்கையின் எண்ணுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. பொதுச்சொல்லோடு ஊரையும் ஆண்டையும் சேர்த்த ஒரு ஹேஷ்டேக் வேண்டும் என்று கேளுங்கள். முடிவு செய்யும் முன் அதைத் தேடிப் பாருங்கள். பதிவு எதுவும் வரக் கூடாது. பொதுவான ஹேஷ்டேகை அதோடு கூடுதலாகப் போடட்டும், ஆனால் அதை வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தமிழில் எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். எங்கள் பதிவுகளிலேயே #இரத்ததானம், #ரத்ததானம், #இரத்த_தானம் என்று மூன்று விதமாக இருந்தது. தளத்துக்கு அவை மூன்று வெவ்வேறு ஹேஷ்டேகுகள்.

அடுத்து, மூன்று மொழிக்கும் கட்டணம் வாங்கிச் செய்த ‘தகவமைப்பு’. தமிழ்ப் பதிவு ஒன்று இப்படி வந்தது: “இன்றே #இரத்ததானம் இல் பங்கேற்கவும்.” அந்த ‘இல்’ அநாதையாக நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஹேஷ்டேகை வாக்கியத்தின் நடுவே வைக்கலாம், ஏனென்றால் உறவைக் காட்டும் சொல் தனியாகவே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். ஒட்டி எழுதினால் #இரத்ததானத்தில் என்று புதிய ஹேஷ்டேகாகிவிடும். பிரித்தால் மேலே கண்ட கோலம். தமிழ் தெரிந்து எழுதுகிறவர் வாக்கியத்தை முடித்துவிட்டு ஹேஷ்டேகைக் கடைசியில் தனியாக வைத்திருப்பார். இது நடக்கவில்லை என்றால், ஆங்கில வரியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீளத்திலும் அப்படித்தான். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துகள் எல்லை. தளம் எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனி எழுத்தாக எண்ணப்படும். ‘கொ’வில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. ‘கொடுப்போம்’ நமக்கு ஐந்து எழுத்து, தளத்துக்குப் பத்து. ஆங்கிலத்தில் அளவாக இருந்த பதிவு தமிழில் எல்லை தாண்டியது. அவர்கள் சுருக்கி எழுதவில்லை, கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். முகாம் நடக்கும் இடம் அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். இந்திப் படத்தை மட்டும் பொறுக்க முடியாது.

இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வரக் கூடாது. நாங்கள் தந்த குறிப்பிலும் அது தெளிவாக இருந்தது. இந்தியில் அது ‘காலி பேட் ந ஆயேன்’. நடுவில் இருக்கும் ‘ந’ என்ற ஒற்றை எழுத்துதான் ‘வேண்டாம்’ என்பதைச் சொல்கிறது. படத்தில் வரியை உடைத்து அடுக்கியபோது அந்த எழுத்து விழுந்துவிட்டது. ‘வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்ற அறிவுரை, பெரிய எழுத்தில், எங்கள் குழுவின் முத்திரையோடு போனது. தமிழில் ‘வராதீர்கள்’ என்பதிலிருந்து மறுப்பு இப்படி உதிராது. வடிவமைத்தவருக்கு இந்தி எழுத்து தெரியாது, சரிபார்க்க ஆளும் இல்லை. இதை அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் இந்திக்கு வாங்கிய கட்டணம் எதற்கு?

இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக, சாப்பிடாமல், தொழிலாளர்கள் வந்தார்கள். பரிசோதனையில் மருத்துவர் “எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டபோது ஒருவர் தன் போனில் அந்தப் படத்தைக் காட்டினார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. மருத்துவர் அவர்களைக் கொடையாளர் வரிசையில் இருந்து விலக்கினார். நாங்கள் இட்லி வாங்கிக் கொடுத்தோம். சிலர் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள், சிலர் தூக்கக் கலக்கத்தில் போய்விட்டார்கள். அவர்கள் மறுபடி வருவார்களா என்பது சந்தேகம்தான்.

இன்ஸ்டாகிராமில் வெளியான பதிவின் வாசகத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. ஆகவே படத்துக்குள் போகும் எழுத்தை அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், இறுதிப் படத்தையே பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் வெளியிட வேண்டும். வேர்ட் கோப்பைப் பார்த்துச் சொல்லும் சம்மதம் போதாது. பிழை வடிவமைப்பில்தான் நுழைகிறது. இதை ஒப்பந்தத்தில் எழுதி, பார்ப்பவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிகளில் இந்தி பேசும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை.

மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்துவிட்டோம். “வீச்சு கிடைத்ததே” என்று இன்னும் அறிக்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பதிவுகளின் இணைப்பும், ஒவ்வொன்றுக்கும் தளம் காட்டும் எண்ணும் கொண்ட பட்டியலைக் கேட்டிருக்கிறோம், இதுவரை வரவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிட்டோம். ஆனால் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் சுற்றுகிறது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை இந்தி எழுத்து, கீழே திருப்பூர் முகாம் என்ற குறிப்பு. உங்கள் கம்பெனிக் குழுவில் கண்டால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம், சாப்பிட்டுவிட்டுத்தான் இரத்தம் கொடுக்கப் போக வேண்டும் என்று இந்தியிலேயே சொல்லிவிடுங்கள்.