பில்டரா, வேர்ட்பிரஸா, கையால் எழுதுவதா? மூன்றையும் பயன்படுத்திய அனுபவம்

சில வருடங்களாக இந்த மூன்று வகையிலும் இணையத் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எது சுலபம் என்றுதான் முதலில் கேட்பார்கள். முதல் நாள் சுலபம் என்றால், கோடு எழுதாமல் இழுத்துப் போட்டே தளம் அமைக்கும் பில்டர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தளத்தில் எது மாறும், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறும், யார் மாற்றப் போகிறார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் சரி.

எனக்குத் தெரிந்த ஒரு இசை ஆசிரியையின் தளத்தில் இருந்தது நான்கே பக்கம்: அறிமுகம், பாடங்கள், நேர அட்டவணை, தொடர்பு. மாதாமாதம் அட்டவணை மட்டும் மாறும், அதையும் அவரே போனில் மாற்றிவிடுவார். அதற்கு பில்டர் அருமையாகப் பொருந்தியது. அப்புறம் வாரம் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்து, ராகம் வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று வந்தபோதுதான் வெளியே போகும் கதவைத் தேடினோம். வடிவமைப்பு வெளியே வரவே வராது. எழுத்தைப் பக்கம் பக்கமாகக் காப்பி செய்தோம், படங்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். டொமைனை வேறு இடத்தில் வாங்கியிருந்ததால் முகவரியாவது தப்பியது. அதனால், வருடச் சந்தா கட்டுமுன் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா, அதில் என்ன வருகிறது என்று இலவசக் கணக்கிலேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தளம் வேர்ட்பிரஸில் இருக்கிறது. கட்டுரைகள் டேட்டாபேஸில் இருப்பதால் ஒன்றை ஒருமுறை எழுதினால் முகப்பு, ராகப் பட்டியல், தேடல் எல்லாவற்றிலும் தானாக வந்துவிடும். இதற்கு விலை பராமரிப்பு. அப்டேட் வந்துகொண்டே இருக்கும், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஒரு பிளகின் இன்னொன்றோடு மோதினால் தளமே வெள்ளைத் திரையாகவோ பிழைச் செய்தியாகவோ நிற்கும். அட்மின் பக்கத்துக்குள்ளும் போக முடியாவிட்டால், ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் `wp-content/plugins` ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எல்லா பிளகினும் நின்றுவிடும். தளம் திரும்பினால் குற்றவாளி பிளகின்தான். அட்மினில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்துவிட்டு, அப்புறம் பழைய பெயரைத் திருப்பி வைத்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். பேக்கப் என்றால் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். வேர்ட்பிரஸிலேயே கிடைக்கும் எக்ஸ்போர்ட் ஃபைலை பேக்கப் என்று நம்ப வேண்டாம், அதில் படங்களின் முகவரிதான் இருக்கும், படங்கள் இருக்காது.

என் சொந்தத் தளம் மட்டும் கையால் எழுதிய எச்டிஎம்எல். பயப்படும் அளவுக்குக் கடினமில்லை, ஆனால் இந்த இரண்டு வரியை `<head>` பகுதியில் சேர்த்துவிடுங்கள்:

```
<meta charset="utf-8">
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

முதலாவது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம், இரண்டாவது இல்லாவிட்டால் போனில் பக்கம் முழுவதும் பொடியாகச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு அப்டேட் என்று எதுவும் கேட்காது, ஃபோல்டரைத் தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் போட்டால் அப்படியே ஓடும். தொல்லை ஒன்றுதான்: மெனு ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், அதில் ஒரு சொல்லை மாற்றினால் எல்லா ஃபைலையும் திறக்க வேண்டும். எனக்கு ஐந்து பக்கம், சமாளிக்கிறேன். ஆசிரியையின் தளத்தை இப்படி வைத்திருந்தால் ஒவ்வொரு வாரமும் எனக்குத்தான் போன் வரும்.