நாள்கூலி ஆளா, மாதச் சம்பள ஆளா, உள்குத்தகையா: ஒயரிங் வேலை பெருகும்போது எது பொருந்தும்?

தனியாளாக வீட்டு ஒயரிங் எடுத்துச் செய்யும் எலக்ட்ரீஷியனுக்கு வேலை பெருகும்போது மூன்று வழிகள் தெரியும். வேலை இருக்கும் நாளில் மட்டும் நாள்கூலிக்கு ஹெல்பரை அழைத்துக்கொள்ளலாம். ஒருவரை மாதச் சம்பளத்தில் உடன் வைத்துக்கொள்ளலாம். அல்லது வீட்டை முழுதாக இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் சதுர அடிக் கணக்கில் உள்குத்தகைக்கு விடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும்போது பெரும்பாலோர் கூலியைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஒயரிங் வேலை மாதத்தில் எத்தனை நாள் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1,200 சதுர அடியில் ஒரு தளமாகக் கட்டப்படும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பொருள்களை வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார்; நமக்குக் கூலி மட்டும் சதுர அடிக்கு 45 ரூபாய், ஆக 54,000 ரூபாய். இந்தத் தொகையும் கீழே வரும் கூலிகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் இவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்குள் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைக்க 2 நாள். பூச்சுக்கு முன் சுவரை வெட்டி பைப் புதைத்து, பாக்ஸ் வைக்க 7 நாள். பூச்சு முடிந்தபின் ஒயர் இழுக்க 5 நாள். பெயின்ட் ஏறக்குறைய முடிந்தபின் சுவிட்ச், விளக்கு, டிபி பொருத்திச் சோதிக்க 6 நாள். மொத்தம் 20 நாள், தலைமை ஆள் ஒருவர், ஹெல்பர் ஒருவர். ஆனால் இந்த 20 நாளும் தொடர்ந்து வருவதில்லை. கொத்தனாரும் பெயின்டரும் விட்டுக்கொடுக்கும் இடைவெளிகளில் ஏறக்குறைய 5 மாதத்துக்குள் சிதறி வருகின்றன. அதாவது ஒரு வீடு நமக்கு மாதத்துக்குச் சராசரியாக 4 நாள் வேலைதான் தருகிறது.

நாள்கூலி முறையில் ஹெல்பருக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்றால், 20 நாளுக்கு 14,000 போக 40,000 ரூபாய் நம் கையில் நிற்கும். நம் உழைப்பு நாள் ஒன்றுக்கு 2,000 ரூபாய். வேலை இல்லாத நாளில் செலவும் இல்லை என்பதால் ஒன்றிரண்டு வீடு மட்டும் கையில் உள்ளவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இதன் குறை கூரை நாளில் தெரியும். கம்பி கட்டி முடித்ததாக மேஸ்திரி மாலையில் சொல்வார். கான்கிரீட் மறுநாள் மதியம். வழக்கமாக வரும் ஹெல்பர் அன்று வேறொருவரிடம் போயிருப்பார். கிடைத்த புதியவர் பைப் இணைப்பில் பசை பூசாமல் செருகிவிட்டால், வைப்ரேட்டர் அதிர்வில் அது விலகி, உள்ளே சிமெண்ட் பால் இறங்கி அடைத்துவிடும். அது தெரியவருவது பல வாரம் கழித்து, ஒயர் இழுக்கும் நாளில்தான். பிறகு கூரையை வெட்டுவது சரியல்ல. சுவர் வழியாகச் சுற்றுப்பாதை தேட வேண்டியதுதான்.

மாதச் சம்பளம் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். 16,000 ரூபாய்ச் சம்பளத்தை 700 ரூபாய் நாள்கூலியோடு ஒப்பிட்டால், மாதத்தில் 23 நாளாவது அவருக்கு வேலை கொடுத்தால்தான் இரண்டும் சமமாகும். வீடு ஒன்று மாதத்துக்கு 4 நாள் தருகிறது என்றால், வெவ்வேறு கட்டத்தில் உள்ள 4 வீடுகள் 16 நாளைத் தரும். மீதி 7 நாளைப் பழுதுபார்க்கும் வேலைகளால், அதாவது மோட்டார், இன்வெர்ட்டர், பழைய வீட்டு லைன் மாற்றம் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். இரண்டு வீட்டை நம்பி ஆளை நியமிப்பவர் மாதம் 8 நாளுக்கும் சில்லறை வேலைகளுக்கும் முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீட்டுக்காரர் கட்டம் கட்டமாகத்தான் பணம் தருவார், சம்பளமோ மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். குறைந்தது இரண்டு மாதச் சம்பளமான 32,000 ரூபாயைத் தனியே ஒதுக்கி வைக்காமல் ஆள் வைப்பவர், பூச்சு வேலை தள்ளிப்போகும் முதல் மழைக்காலத்திலேயே கடன் வாங்க நேரும்.

உள்குத்தகைதான் தாளில் மிக அழகாகத் தெரியும் வழி. சதுர அடிக்கு 38 ரூபாய்க்கு விட்டால் 45,600 போக 8,400 ரூபாய் மிச்சம்; நான்கு முறை போய்ப் பார்த்துவந்தால் போதும், நாள் கணக்கில் நம் சொந்த உழைப்பைவிட இது அதிகம். ஆனால் சதுர அடிக் கணக்கில் எடுத்தவருக்கு விரைவில் முடிப்பதுதான் ஆதாயம். ஒயர் பற்றாத இடத்தில் புதிய ஒயர் காயிலைப் பிரிக்காமல் பைப்புக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றிவிடுவதும், இரண்டு சர்க்யூட்டுகளுக்கு ஒரே நியூட்ரலைக் கொண்டுபோவதும் இந்த அவசரத்தில் நடப்பவை. குடியேறியபின் ஆர்சிசிபி காரணமின்றி விழுகிறது என்று வீட்டுக்காரர் அழைப்பது நம்மைத்தான். மூன்று நாள் ஹெல்பருடன் உட்கார்ந்து லைனைப் பிரித்து, ஒயரை மாற்றி இழுத்தால், நம் நாள் 2,000, ஹெல்பர் 700 என்ற கணக்கில் 8,100 ரூபாய் போய்விடும். மிச்சமாகக் கருதிய 8,400 ஏறக்குறைய அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆகவே உள்குத்தகைக்கு விடுபவர் பணத்தைச் சோதனையோடு கட்டிப்போட வேண்டும். ஒயர் இழுத்து முடிந்ததும், சுவிட்ச் பொருத்துமுன், ஒவ்வொரு சர்க்யூட்டையும் 500 வோல்ட் மெக்கரில் எர்த்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். 1 மெகாஓம் என்பது கீழ்வரம்பு, புது ஒயரில் அதைவிட மிக உயர்வாகவே காட்ட வேண்டும். உலர்ந்த டேப் முடிச்சை மெக்கர் காட்டாது என்பதால், ஒரு முனையிலிருந்து ஒயரை ஓரடி பின்னுக்கு இழுத்து மறுமுனை தடையின்றி நகர்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. முடிச்சு இருந்தால் வளைவில் சிக்கும். நியூட்ரல்களை டிபியில் தனித்தனியே பிரித்து ஒன்றுக்கொன்று தொடர்பு காட்டுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கவும் ஐந்து நிமிடம்தான் ஆகும். இவை மூன்றும் சரியான பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம்.

மூன்று வழியிலும் பொறுப்பு நம்மை விட்டுப் போவதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, விளக்கு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் நீங்கலாக, ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வழியாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது மின் உரிமம் வழங்கும் வாரியம். நாள்கூலி ஆள் ஏணியிலிருந்து விழுந்தாலும் அவரை வேலைக்கு அழைத்தவர் இழப்பீட்டிலிருந்து விலக முடியாது என்பதால், 18 முதல் 60 வயதுக்குட்பட்ட ஹெல்பரைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதையும், ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துத் தருவதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

என் தீர்ப்பு இது: மூன்று வீடு வரை நாள்கூலி, நான்காவது வீடு கைக்கு வந்து, இருப்பில் 32,000 ரூபாயும் சேர்ந்தபின் மாதச் சம்பளம். அப்போது புது ஆளைத் தேடாமல், நாள்கூலிக்கு வந்தவர்களில் பைப் இணைப்பைச் சொல்லாமலே பசையிட்டுச் செருகுபவரைத்தான் எடுக்க வேண்டும். நான்கு வீட்டில் நம்முடைய 16 நாளும் போய்விடுவதால், ஐந்தாவது வீடு வரும்போது நம் நேரமே முட்டும். அந்த வீட்டில் உள்குத்தகைக்கு விட வேண்டியது சுவர் வெட்டி பைப் புதைக்கும் பகுதியை மட்டுமே. அது பூசுவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும் வேலை, பிழை இருந்தால் அன்றே திருத்தலாம். ஒயர் இழுப்பதும் டிபி கட்டுவதும் நம் ஆளின் கையிலேயே இருக்க வேண்டும். ஓராண்டில் அவர் ஒரு வீட்டின் டிபியை நாம் இல்லாமல் கட்டி, மெக்கர் அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்து காட்டும் நிலைக்கு வந்தால், அவருக்குச் சம்பளத்தை உயர்த்திவிட்டு அவருக்கொரு ஹெல்பரைத் தேடத் தொடங்கலாம்.